நவராத்திரிக் கண்காட்சியில் கொட்டான் கடை: விலைப் பலகையும் துண்டறிக்கையும் எழுதும் முறை

மகளிர் சுய உதவிக் குழுக்கள் கண்காட்சியில் கடை போடும்போது பலகை, துண்டறிக்கை எழுதிக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. குழுக்காரர்கள் வந்ததும், "அக்கா, நல்ல வாசகமா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்பார்கள். நான் முதலில் வாசகம் எழுதுவதில்லை. "ஒரு கொட்டான் முடைய எவ்வளவு நேரம் ஆகுது?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அது தெரியாமல் நியாய விலை என்று பலகையில் எழுத முடியாது. அதனால் இந்த வழிகாட்டியும் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

பனையோலைக் கொட்டான் செய்யும் ஒரு குழுவையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். நவராத்திரிக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க வாங்கும், 18 செ.மீ. வாய் அகலமுள்ள சின்ன ஓலைக் கூடைதான் இந்தக் கொட்டான். மாவட்டத் தலைநகரில் 3 நாள் கண்காட்சி, ஒரு மேசை, கடையில் இருவர். உங்கள் பொருள் கோரைப்பாயோ சணல் பையோ எதுவானாலும் எண்கள் மாறும், வழி இதுதான்.

முதல் வேலை: கடிகாரம் வைத்து முடைவது

விலை பேசும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, மூன்று பேரை உட்காரவைத்து ஒரே அளவுக் கொட்டானை முடையச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நேரத்தைக் குறிக்கட்டும். நான் பார்த்த குழுவில் கை வேகமான பெண் 1 மணி 5 நிமிடத்தில் முடித்தார். புதிதாகக் கற்றவருக்கு 1 மணி 55 நிமிடம் ஆனது. நடுவில் இருந்தவருக்கு ஒன்றரை மணி. கணக்குக்கு அந்த நடு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். வேகமானவரை வைத்து விலை போட்டால் மற்ற எல்லாரும் குறைந்த கூலிக்கு முடைய வேண்டியிருக்கும்.

முடைவதற்கு முன்னாலும் வேலை இருக்கிறது. குருத்தோலையைக் காயவைக்க வேண்டும், ஈர்க்கு எடுக்க வேண்டும், ஒரே அகலத்தில் வகிர வேண்டும், கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டுப் புரட்டி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். முடைகிற அன்று மறுபடி நனைத்துப் பதமாக்க வேண்டும். 20 கொட்டானுக்கு இதெல்லாம் சேர்ந்து 10 மணி நேரம் ஆனது. ஒரு கொட்டானுக்கு அரை மணி. ஆக மொத்தம் 2 மணி நேரம். இந்த அரை மணியை "அது வீட்டு வேலையோட வேலையா நடக்குது" என்று விட்டுவிடுவதுதான் எல்லாக் குழுவிலும் நான் பார்க்கிற தவறு.

மணிக்கு என்ன கூலி வைப்பது? எல்லாருக்கும் தெரிந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். ஓலை முடையத் தெரிந்த கைக்கு இது அதிகமே இல்லை, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதற்கான எல்லை அவ்வளவுதான். 2 மணி நேரத்துக்கு 84 ரூபாய்.

ஓலைக்கு 10 ரூபாயும் சாயம், விறகு, வாய்க்கட்டு ஓலைக்கு 8 ரூபாயும் ஆனது. இருபதில் ஒன்று கோணிப்போகும் அல்லது சாயம் திட்டாகும். அந்த ஒன்றின் செலவை மற்றவற்றின் மேல் பரப்பினால் கொட்டானுக்கு 5 ரூபாய் சேதாரம்.

அடுத்தது கடைச் செலவு. பலர் இதை விலையில் சேர்ப்பதே இல்லை. மேசைக்கும் பந்தலுக்கும் 2,000, வண்டிக்கு 1,200, பலகை, துண்டறிக்கை, விலைச் சீட்டுக்கு 1,800, கடையில் நிற்கும் இருவருக்கு 3 நாள் கூலி 2,016. கூட்டினால் ஏறக்குறைய 7,000 ரூபாய். 200 கொட்டான் விற்கும் என்று எதிர்பார்த்தால் ஒன்றுக்கு 35. இந்த 200 என்ற எண்ணை ஆசையில் போடாதீர்கள். சென்ற முறை விற்றதை ரொக்கப் புத்தகத்தில் பார்த்துப் போடுங்கள். 120தான் விற்றால் கடைச் செலவு கொட்டானுக்கு 58 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். மேசையையும் வண்டியையும் வேறொரு குழுவோடு பகிர்வதா, இந்தக் கண்காட்சிக்கே போகாமல் விடுவதா என்று அப்போதே முடிவு செய்யலாம். அரசே இடம் கொடுக்கும் கண்காட்சி என்றால் மேசைக் கட்டணம் இருக்காது, கணக்கும் அந்த அளவு இறங்கும்.

இதன் மேல் குழு நிதிக்கு 18 ரூபாய். மொத்தம் 160.

இந்தக் குழு அதுவரை அதே கொட்டானை 100 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் கூடை 80 என்பதால் வைத்த விலை அது. அந்த 100 ரூபாயில் ஓலை, சாயம், சேதாரம், கடைச் செலவு 58 ரூபாய் போக மீதி 42. இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரக் கூலி. குழு நிதிக்கு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, பெரியம்மா ஒருவர் எழுந்து வந்து அந்த 42ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு 160க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

விலையைத் தீர்மானமாகக் கூட்டப் பதிவேட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். கடையில் நிற்கும் இருவர் பேரம் பேசும் கூட்டத்துக்கு நடுவே தாங்களாக விலையைக் குறைக்காமல் இருக்க அந்தக் கையெழுத்துதான் பிடி.

பலகையில் எழுத வேண்டியது மூன்றே வரி

பெரும்பாலான குழுப் பலகைகளில் மேலே குழுவின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே ஊராட்சி, ஒன்றியம், தொடங்கிய ஆண்டு, திட்டத்தின் பெயர். என்ன விற்கிறார்கள் என்பது கடைசி வரியில் சிறிதாக இருக்கும். நடந்துகொண்டே பார்க்கிறவர் ஒரு கடைக்குக் கொடுப்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் அவர் படித்து முடிப்பது முதல் வரியை மட்டும். அந்த வரி பொருளாகவும் அதன் பயனாகவும் இருக்கட்டும்:

> தாம்பூலம் கொடுக்க பனையோலைக் கொட்டான்
> கையால் முடைந்தது · ஒன்று 160 ரூபாய் · ஒரே விலை
> (குழுவின் பெயர், ஊர்)

"80 ரூபாய் முதல்" என்று எழுதும் வழக்கம் உண்டு. 80 ரூபாய்ப் பொருள் மேசையின் முன்வரிசையில் இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். உள்ளே குனிந்து தேடி எடுத்துக் காட்டும்படி இருந்தால் வந்தவர் ஏமாந்த முகத்தோடு போவார்.

எழுத்தின் அளவுக்குப் பலகை எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரம் வேண்டும். கண்காட்சிப் பாதையில் எதிர்வரிசைக்கு 15 அடி என்றால் ஒன்றரை அங்குலம். நெரிசலில் நடந்துகொண்டே படிப்பார்கள் என்பதால் நான் அதை இரட்டிப்பாக்கி முதல் வரிக்கு 3 அங்குலம் வைப்பேன். தமிழில் இந்த அளவை "ப" போன்ற கொம்பில்லாத எழுத்தில் எடுக்க வேண்டும். "கி", "மூ" போன்றவற்றின் முழு உயரத்தில் அளந்தால் மற்ற எழுத்துகள் சிறுத்துவிடும். மேலே விசிறி, கீழே சுழி என்று தமிழ் எழுத்து இரண்டு பக்கமும் நீள்வதால் வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள். நெருக்கினால் மேல்வரியின் "மு" கீழ்வரியின் புள்ளியில் போய் முட்டும்.

பலகையை எங்கே கட்டுவது என்பதில் நானே தவறியிருக்கிறேன். ஒரு முறை அழகாக எழுதிய துணியை மேசையின் முன்பக்கம் தொங்கவிட்டோம். காலையில் எல்லாரும் பார்த்தார்கள். மாலையில் கூட்டம் கூடியதும் மேசை முன்னால் நின்றவர்களின் புடவைகள்தான் தெரிந்தன, எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பலகையின் கீழ் விளிம்பே தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்க வேண்டும். பந்தல் கம்பின் உயரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கட்டுக் கயிறு நீங்களே கொண்டுபோங்கள்.

ஓலைப் பொருள் விற்கிற கடைக்கு பிளக்ஸ் வேண்டாம் என்பது என் எண்ணம். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பேனருக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடையும் இருக்கிறது. காடாத்துணியில் கரும்பச்சை அல்லது கறுப்பு வண்ணத்தால் எழுதினால் மடித்து எடுத்துப்போகலாம், அடுத்த கண்காட்சிக்கும் வரும். அதற்காக விலையை மாற்றி எழுதும் இடத்தில் மட்டும் தனித் துணித்துண்டைப் பொத்தான் வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

மேசைமேல் ஒவ்வொரு பொருளுக்கும் விலைச் சீட்டை நூலில் கட்டுங்கள். ஓலையில் ஒட்டுச்சீட்டு நிற்காது, பிய்த்தால் பசை அழுக்காக ஒட்டிக்கொள்ளும்.

துண்டறிக்கை யாருக்கு?

கொட்டானைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்குத் துண்டறிக்கை தேவையில்லை. வீட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ நூறு கொட்டான் வேண்டும் என்று நினைக்கிறவருக்குத்தான் அது வேண்டும். ஆகவே வருகிற எல்லாரிடமும் நீட்டாமல், வாங்கியவரின் கொட்டானுக்குள் ஒன்று வையுங்கள். விலை கேட்டு நின்றவரிடம் ஒன்று கொடுங்கள். 300 பிரதி போதும்.

ஏ4 தாளில் பாதி, இரண்டு பக்கம். முன்பக்கம் பொருள், பின்பக்கம் விலையும் ஆர்டரும். அந்தக் குழுவுக்கு எழுதியது இது:

> பனையோலைக் கொட்டான்
> வாய் அகலம் 18 செ.மீ., உயரம் 14 செ.மீ. ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுக்கலாம்.
>
> பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, கையால் வகிர்ந்து முடைந்தது. பச்சை, சிவப்பு நிறங்கள் கடையில் வாங்கிய சாயத்தைக் கொதிக்கவைத்து ஏற்றியவை. சாயமில்லாத வெள்ளோலைக் கொட்டானும் உண்டு.
>
> தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் காற்றில்லாத பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சாயமிட்ட கொட்டானில் ஈரமான உணவை நேரடியாக வைக்காமல் வாழையிலை விரித்து வையுங்கள்.
>
> இந்த 160 ரூபாய் எங்கே போகிறது?
> ஓலை, சாயம், சேதாரம்: 23
> முடைந்தவருக்கு 2 மணி நேரக் கூலி: 84
> கண்காட்சிக் கடைச் செலவு: 35
> குழு நிதி: 18
>
> 50க்கு மேல் ஆர்டர் கொடுத்தால் ஒன்று 135 ரூபாய். 15 நாள் முன்னால் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓலை காயத் தாமதமாகும், 25 நாள் வேண்டும்.
> (குழுவின் பெயர், முகவரி, குழுவின் கைபேசி எண்)

இதில் சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

சாயம் கடையில் வாங்கியது என்று எழுதியதும் குழுவில் ஒருவர், "இயற்கைச் சாயம்னு போட்டா நல்லா விக்குமே" என்றார். உண்மையில்லாததை எழுதக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைக் குற்றமாகவே பார்க்கிறது. அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து, வாங்கியவரின் வெள்ளைத் துணியில் சிவப்பு ஏறுவது. அச்சுக்குப் போகும் முன் நீங்களே சோதியுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கொட்டானின் மேல் பத்துமுறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் தொகுதி ஓலையை இன்னொரு முறை கழுவி உலர்த்திய பிறகே முடைய வேண்டும். "சாயம் ஒட்டாது" என்ற சொல்லைத் துணி வெள்ளையாகவே இருந்தால் மட்டும் எழுதலாம்.

பெயரிலும் கவனம் வேண்டும். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பகுதியில், அந்த முறையில் செய்யாத குழு தன் துண்டறிக்கையில் அந்தப் பெயரைப் போடக் கூடாது. "பனையோலைக் கொட்டான்" என்பதே போதும்.

135 என்ற ஆர்டர் விலை பேரத்தில் விட்டுக்கொடுத்தது இல்லை. ஆர்டருக்குச் செய்யும் கொட்டானுக்குக் கடைச் செலவு 35 கிடையாது. 125 ரூபாயோடு கட்டி அனுப்பும் செலவு 10 சேர்ந்தால் 135. முடைந்தவரின் 84 அப்படியே இருக்கிறது. இப்படிக் காரணத்தோடு இறங்கிய விலையைத்தான் அச்சில் போடலாம். "பத்து வாங்கினால் தள்ளுபடி" என்று கடையில் வாய்க்கு வந்தபடி சொன்னால் அது முடைந்தவரின் கூலியிலிருந்துதான் போகும்.

15 நாள் என்பதும் கணக்குதான். 50 கொட்டானுக்கு 100 மணி நேரம். ஐந்து பேர் வீட்டு வேலைக்கு இடையில் நாளுக்கு 4 மணி நேரம் முடைந்தால் 5 நாள். குருத்து வாங்கிக் காயவைத்துச் சாயமேற்ற ஒரு வாரம். மிச்சம் யாருக்காவது காய்ச்சல் வந்தால் சமாளிக்க. கைபேசி எண் குழுவுடையதாக இருக்கட்டும். ஊக்குநரின் சொந்த எண்ணைப் போட்டால், அவர் பொறுப்பு மாறிய பிறகும் ஆர்டர் அவருக்கே போய்க்கொண்டிருக்கும்.

"கூலி 84" என்று அச்சிட்டுவிட்டால் ரொக்கப் புத்தகத்திலும் முடைந்தவர் பெயரில் 84 ஏறியிருக்க வேண்டும். யாராவது, "உண்மையிலேயே அவங்களுக்குப் போகுதா?" என்று கேட்பார்கள். புத்தகத்தைப் பிரித்துக் காட்ட முடியாத குழு இந்தப் பகுதியை அச்சிட வேண்டாம். கூலியை ஒழுங்காக்கிய பிறகு அடுத்த கண்காட்சிக்குப் போடலாம்.

பொடி, ஊறுகாய், முறுக்கு போன்ற தின்பண்டமும் மேசையில் இருந்தால் அவற்றின் சீட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், எடை, செய்த தேதி, சேர்ந்த பொருள்கள் எல்லாம் தனியே வர வேண்டும். கொட்டான் துண்டறிக்கையில் அதைத் திணிக்காதீர்கள்.

அச்சகத்தில்

வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பும் தமிழ் யூனிகோடு. சில அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். மாற்றும்போது "கொட்டான்" என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி விழுந்துபோகும். அதனால் கணினித் திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். ஒரு பிரதி அச்சடித்துக் கையில் வாங்கி, குழுவிலேயே கண்பார்வை குறைந்த ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் பிழை இருக்கும், அல்லது எழுத்து சிறியதாக இருக்கும். விலையையும் கைபேசி எண்ணையும் இன்னொருவர் விரல் வைத்துப் பதிவேட்டோடு ஒப்பிடட்டும். அந்த எண்ணுக்கு அங்கேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

பணம் வாங்கும் கியூஆர் அட்டை குழுவின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். ஸ்கேன் செய்ததும் திரையில் தனிநபர் பெயர் வந்தால் சிலர் தயங்கி நிறுத்திவிடுவார்கள். பணமும் குழுக் கணக்கில் ஏறாது.

கடையில்

பலகையில் "ஒரே விலை" என்று இருந்தாலும் கேட்பார்கள். அன்றைக்கும் ஓர் அம்மா கொட்டானைக் கையில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, நூறுக்குக் குடுக்கிறியா?" என்றார். கடையில் நின்ற பெண் துண்டறிக்கையைத் திருப்பி, அந்த நான்கு வரிகளைக் காட்டினார். "அம்மா, இது ரெண்டு மணி நேர வேலை. இதுல எதைக் குறைக்கட்டும், நீங்களே சொல்லுங்க." அந்த அம்மா 84ஐப் பார்த்தார், கொட்டானின் அடியில் ஓலை மடிந்து ஏறும் மூலையைத் தடவினார். "இதைக் குறைக்கச் சொல்ல முடியாது" என்று சொல்லி இரண்டு வாங்கிக்கொண்டார். எல்லாரும் இப்படி வாங்குவதில்லை. வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு, அவர்களுக்கும் துண்டறிக்கை கொடுத்தனுப்பினார்கள்.

மேசைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு மாலையும் விற்றது, சாயமுள்ளது எத்தனை, வெள்ளோலை எத்தனை என்று எழுதுங்கள். வந்தவர்கள் கேட்ட கேள்விகளை இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். அந்த மூன்று நாளில் அதிகம் கேட்கப்பட்டது விலையைப் பற்றி இல்லை. "இதுக்கு மூடி உண்டா?" என்றுதான் மறுபடி மறுபடி கேட்டார்கள். மூடி முடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று அடுத்த கூட்டத்தில் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள்: 50 நிமிடம். கார்த்திகைக் கண்காட்சிக்கான துண்டறிக்கையில் மூடி போட்ட கொட்டானுக்குத் தனி விலை வந்தது.